ஐஸ் பிளாண்டுக்கு இரண்டு விலைப்புள்ளிகள்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

குளச்சலுக்குப் பக்கத்தில், நாளொன்றுக்கு 10 டன் ஐஸ் எடுக்கக்கூடிய ஒரு பிளாண்ட் போட ஒருவர் முடிவு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடம் கைக்கு வந்துவிட்டது, வங்கிக் கடன் பேசி முடித்தாகிவிட்டது, உப்புக்கரைசல் தொட்டிக்கும் கேன்களுக்கும் ஆள் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது அமோனியா கம்ப்ரஸர், கண்டன்சர், மோட்டார் மூன்றும் சேர்ந்த இயந்திரத் தொகுதிதான். அதற்கு இரண்டு விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன. முதல் செட் 14 லட்சம் ரூபாய்; இரண்டாம் செட் 20 லட்சம். இரண்டும் அதே 10 டன் ஐஸைத்தான் தரும். ஆறு லட்சம் குறைவு என்றால் ஐஸ் கொண்டுபோக ஒரு பழைய மினி லாரியே வாங்கிவிடலாமே என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வதில் தவறு காண முடியாது. விலைப்புள்ளியின் கடைசி வரியை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் இந்த இயந்திரம் வாங்கிய அன்றோடு செலவு வைப்பதை நிறுத்தாது. மாதம்தோறும் மின்கட்டணம் வாங்கும், எண்ணெயும் வால்வு பிளேட்டும் கேட்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பூட்டச் சொல்லும், சீசன் நேரத்தில் நின்று ஐஸை வெளியில் வாங்க வைக்கும், கடைசியில் பழைய இரும்பாகக் கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தரும். இவை அனைத்தையும் வாங்கும் விலையோடு சேர்த்து ஒரே எண்ணாக்கிப் பார்ப்பதைத்தான் வாழ்நாள் செலவுக் கணக்கு என்கிறோம். திட்ட அறிக்கைகளில் இதை லைஃப் சைக்கிள் காஸ்டிங் என்று எழுதுவார்கள். மொத்த உடைமைச் செலவு என்ற சொல்லும் ஏறத்தாழ இதையே குறிக்கிறது. வாங்குபவரின் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை மட்டும் பார்க்கும்போது அந்தச் சொல்லையும், கழித்துக்கட்டும் நாள் வரை வருடவாரியாக அடுக்கி, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து பார்க்கும்போது முதல் சொல்லையும் பயன்படுத்துவது வழக்கம். ஒரு இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்த வேறுபாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கணக்கைத் தொடங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே எந்தெந்தச் செலவு வேறுபடுகிறது என்பதுதான். கட்டடம், கேன்கள், உப்பு, ஐஸ் எடுக்கும் ஆட்களின் கூலி, தண்ணீர் ஆகியவை எந்த செட்டை வாங்கினாலும் ஒன்றே. அவை திட்டத்தின் லாபத்தைப் பார்க்கத் தேவைப்படும், தேர்வு செய்யத் தேவைப்படாது. புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் எல்லாவற்றையும் எழுதி மூன்று பக்கத்தை நிரப்பிவிட்டு, தீர்மானிக்கும் வரியை அதற்குள் தொலைத்துவிடுகிறார்கள். இங்கே வேறுபடுபவை வாங்கும் விலை, மின்சாரம், பராமரிப்பு, பெரிய பழுதுநீக்கம், நின்றுபோகும் நாட்களின் இழப்பு, கடைசி மதிப்பு என்ற ஆறு மட்டுமே. இந்த ஆறிலும் மின்சாரம் மற்ற ஐந்தையும் விழுங்கும் அளவுக்குப் பெரியது என்பது சற்று நேரத்தில் தெரியும்.

மின்சாரத்தைக் கணிக்க இரண்டு எண்கள் வேண்டும். ஒரு டன் ஐஸுக்கு எத்தனை யூனிட், வருடத்துக்கு எத்தனை டன். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்குவது அங்கேதான். 10 டன் பிளாண்ட், 365 நாள், ஆக 3,650 டன் என்று இயந்திரம் விற்பவர் சொல்லுவார். கடல் அப்படிச் சொல்லாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே விசைப்படகுகளுக்கு இரண்டு தடைக்காலங்கள். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மேற்குக் கணக்கில் வரும் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முன்பு 45 நாட்களாக இருந்த தடை இப்போது இரண்டு பக்கமும் 61 நாட்கள். குளச்சல் பிளாண்ட் மேற்குப் படகுகளை மட்டும் நம்பினால் 365இல் 61 போக 304 நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போகாத ஊர்கள் கடற்கரை நெடுகிலும் உண்டு. மீதியில் ஏறத்தாழ 43 ஞாயிறுகளைக் கழித்தால் 261. காற்று, மழை, திருவிழா என்று இன்னும் சில நாட்கள் போனால் 250 நாள் நிற்கும். அந்த 250 நாளும் முழுதாக 10 டன் விற்காது. சராசரி 8 டன் என்று வைத்தால் வருடத்துக்கு 2,000 டன். விற்பவர் சொன்ன 3,650இல் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இதே பிளாண்டை மாவட்டத்தின் நடுவில், இரண்டு பக்கத்துப் படகுகளுக்கும் ஐஸ் அனுப்பும்படி போட்டால் கதை மாறுகிறது. அங்கே இரண்டு தடையும் ஒன்றாக அமலில் இருப்பது ஜூன் 1 முதல் 14 வரையிலான இரண்டே வாரம்தான். ஆகவே இயந்திரம் ஒன்றாகவே இருந்தாலும், அதன் வாழ்நாள் செலவு அது நிற்கும் ஊரைப் பொறுத்தும் மாறும். வேறு ஊரில், வேறு ஒருவருக்காகப் போட்ட கணக்கை வாங்கி நகலெடுப்பது ஆபத்து என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி டன்னுக்கு எத்தனை யூனிட். முதல் செட் 75 யூனிட் என்றும், இரண்டாவது 62 யூனிட் என்றும் எழுதித் தந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். இந்த எண்களை நம்பலாமா என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டே ஓரளவு சோதித்துவிடலாம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு டன் தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் குளிர்வித்து, உறைய வைத்து, அதற்குக் கீழும் சில டிகிரி இறக்க, சுமார் 130 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். நல்ல அமோனியா அமைப்பு ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்து ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பத்தை எடுக்கும். 130ஐ மூன்றால் வகுத்தால் 43. தொட்டியின் பக்கவாட்டிலும் மூடியிலும் உள்ளே புகும் வெப்பம், கேனிலிருந்து கட்டியை விடுவிக்கும்போது உருகுவது, கரைசலைக் கலக்கும் விசிறி, கண்டன்சர் பம்பு இவற்றைச் சேர்த்தால் 60ஐ ஒட்டி வரும். ஆகவே 62 நம்பக்கூடியது. யாராவது 40 யூனிட் என்று சொன்னால், அவர் கம்ப்ரஸரின் சுழல்தண்டில் தேவைப்படும் திறனை மட்டும் சொல்லுகிறார், பம்பையும் விசிறியையும் விட்டுவிட்டார் என்று புரிந்துகொள்ளலாம். மீட்டர் அவற்றை விடாது.

அடுத்து, இரண்டு செட்டுக்கும் இந்த 13 யூனிட் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது செட்டில் மோட்டார் உயர்ந்த ரகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்த அளவு மோட்டாரில் ஒரு படி உயர்ந்த ரகம் மிச்சப்படுத்துவது சுமார் ஒரு சதவீதம்தான். உண்மையான மிச்சத்தின் பெரும்பகுதி பெரிய கண்டன்சரிலிருந்து வருகிறது. கம்ப்ரஸர் வெளித்தள்ளும் சூடான அமோனியா வாயு கண்டன்சரில் திரவமாகிறது. கண்டன்சரின் பரப்பு பெரிதாக இருந்தால் அது குறைந்த வெப்பநிலையிலேயே நடக்கும், கம்ப்ரஸர் அவ்வளவு அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியதில்லை. அந்த வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்சாரம் இரண்டு முதல் மூன்று சதவீதம் கூடும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. மிச்சம் எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அந்த மிச்சம் எப்போது காணாமல் போகும் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொள்வோம். உங்கள் கணக்கில் உங்கள் மின் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 2,000 டன்னுக்கு முதல் செட் 1,50,000 யூனிட், அதாவது 12 லட்சம் ரூபாய். இரண்டாவது 1,24,000 யூனிட், 9 லட்சத்து 92 ஆயிரம். வருடத்துக்கு 2,08,000 ரூபாய் வித்தியாசம். கூடுதலாகக் கொடுக்கும் ஆறு லட்சம் மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறதே என்று இங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நிறுத்தக் கூடாது, ஏனென்றால் இரண்டாம் செட்டுக்கு வேறு செலவுகள் அதிகம்.

அதன் உதிரிபாகங்கள் விலை கூடியவை. வருடப் பராமரிப்பு முதல் செட்டுக்கு 90 ஆயிரம், இரண்டாவதுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் என்று வைப்போம். ஐந்தாம் வருடம் முழுதாகப் பிரித்துப் பூட்ட முறையே 3 லட்சமும் மூன்றரை லட்சமும் ஆகும். பத்து வருடம் கழித்து விற்றால் முதலாவது ஒன்றரை லட்சமும் இரண்டாவது 3 லட்சமும் தரும். உப்புக்காற்றில் பத்து வருடம் நின்ற இயந்திரத்துக்கு இதற்கு மேல் எழுதுவது பேராசை.

நின்றுபோகும் நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு நாள் நிற்பதும், தடை முடிந்து ஆகஸ்ட் முதல் வாரத்தில் எல்லாப் படகுகளும் ஒன்றாக ஐஸ் ஏற்ற வரும்போது ஒரு நாள் நிற்பதும் ஒன்றல்ல. அந்த வாரத்தில் வாடிக்கைப் படகைத் திருப்பி அனுப்பினால் அது வேறு ஐஸ் கம்பெனியோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெளியில் வாங்கியாவது கொடுக்க வேண்டியிருக்கும். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டப்பட்டு 10 டன் வாங்கிக் கொடுத்தால் நாளுக்குப் பத்தாயிரம். முதல் செட் வருடத்துக்கு இப்படி நான்கு நாளும், இரண்டாவது இரண்டு நாளும் நிற்கும் என்று கணக்கில் வைத்திருக்கிறேன். ஆனால் நிற்கும் நாள் என்பது பெரும்பாலும் இயந்திரத்தின் குணத்தால் கூடுவதில்லை. வால்வு பிளேட்டும் ஷாஃப்ட் சீலும் எங்கிருந்து வர வேண்டும் என்பதால் கூடுகிறது. நாகர்கோவிலில் கிடைக்கும் பொருளென்றால் பழுது மதியத்துக்குள் முடியும். கொச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ பொருளும் மெக்கானிக்கும் வர வேண்டுமென்றால் இரண்டு நாள் போய்விடும். விலை உயர்ந்த செட்டுக்கு உள்ளூரில் ஆளில்லை என்றால் நான் எழுதிய இரண்டு நாளைத் தயங்காமல் ஐந்தாக மாற்றிவிடுங்கள்.

இப்போது வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் வேலை. ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது புதிதல்ல. முதல் மாதமே சீட்டை எடுப்பவர் தள்ளுக் கொடுத்துத்தானே எடுக்கிறார்? பணம் இன்று கையில் இருப்பதற்கும் பின்னால் வருவதற்கும் இடையே உள்ள மதிப்பு வித்தியாசம்தான் அந்தத் தள்ளு. வங்கிக் கடன் பத்து சதவீதம் என்றால், அடுத்த வருடம் கட்ட வேண்டிய 100 ரூபாய்க்கு இன்று 91 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். ஐந்தாம் வருடத்து 100 ரூபாய்க்கு 62. பத்தாம் வருடத்து 100 ரூபாய்க்கு 39கூட வேண்டாம். சூத்திரம் இதுதான்:

```
PV = F / (1 + r)^n
```

இதில் F என்பது வருங்காலத் தொகை, r என்பது வட்டி விகிதம், n என்பது எத்தனையாவது வருடம் என்பது. ஒவ்வொரு வருடமும் ஒரே தொகை செலவாகும் இனங்களுக்குப் பத்து தடவை பெருக்க வேண்டியதில்லை. எக்ஸெல்லில் ஒரு கட்டத்தில் கீழ்க்கண்டதை அடித்தால் 6.1446 என்று வரும். வருடச் செலவை அந்த எண்ணால் பெருக்கினால் பத்து வருடச் செலவின் இன்றைய மதிப்பு கிடைத்துவிடும்.

```
=PV(10%,10,-1)
```

மேலே சொன்ன ஆறு இனங்களையும் இப்படி மாற்றினால், லட்ச ரூபாயில் பின்வருமாறு அமைகிறது.

| இனம் | முதல் செட் | இரண்டாம் செட் |
|---|---|---|
| வாங்கும் விலை | 14.00 | 20.00 |
| மின்சாரம் | 73.74 | 60.95 |
| வருடப் பராமரிப்பு | 5.53 | 6.76 |
| ஐந்தாம் வருடப் பழுதுநீக்கம் | 1.86 | 2.17 |
| நின்ற நாட்கள் | 2.46 | 1.23 |
| கடைசி மதிப்பு, கழிக்க | 0.58 | 1.16 |
| மொத்தம் | 97.01 | 89.95 |

இதில் கண்ணை நிறுத்த வேண்டிய இடம் கடைசி வரியல்ல, இரண்டாவது வரி. நாம் பேரம் பேசிய 14 லட்சம் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். 14ஐ 13 ஆக்கத் தொலைபேசியில் ஒரு வாரம் போராடுபவர்கள், டன்னுக்கு எத்தனை யூனிட் என்று ஒருமுறைகூடக் கேட்காமல் முன்பணம் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழு லட்சம் மிச்சம் என்பது கையில் பிடிபடாத எண்ணாகத் தோன்றினால், அதை ஐஸ் கட்டிக்கு இறக்கிப் பார்க்கலாம். மொத்தத்தை 6.1446ஆல் வகுத்தால் வருடச் செலவு வரும்: முதல் செட்டுக்கு 15.79 லட்சம், இரண்டாவதுக்கு 14.64 லட்சம். 2,000 டன்னால் வகுத்து, டன்னுக்கு 50 கிலோ கட்டிகள் இருபது என்று பிரித்தால், ஒரு கட்டியில் இயந்திரத்தின் பங்கு முதல் செட்டில் 39 ரூபாய் 50 காசு, இரண்டாவதில் 36 ரூபாய் 60 காசு. கட்டிக்கு மூன்று ரூபாய் வித்தியாசம். இப்படி வருடச் செலவாக மாற்றுவதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு செட் எட்டு வருடமும் மற்றொன்று பன்னிரண்டு வருடமும் உழைக்கும் என்றால் மொத்தங்களை நேராக ஒப்பிடக் கூடாது. நீண்ட காலம் உழைப்பதன் மொத்தம் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். அப்போது ஒவ்வொன்றையும் அதனதன் ஆயுளுக்குரிய எண்ணால் வகுத்து வருடச் செலவுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

கணக்கு இத்தோடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். என் அனுபவத்தில் பயனுள்ள பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது, அதாவது இந்த முடிவு எப்போது தலைகீழாகும் என்று தேடுவது. மின்சாரத்தைத் தவிர்த்த மற்ற ஐந்து இனங்களிலும் சேர்த்து இரண்டாம் செட் 5.73 லட்சம் அதிகச் செலவு வைக்கிறது. அது மிச்சப்படுத்துவது டன்னுக்கு 13 யூனிட், 104 ரூபாய். பத்து வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 639 ரூபாய். 5.73 லட்சத்தை 639ஆல் வகுத்தால் ஏறத்தாழ 900 டன். வருடத்துக்கு 900 டன்னுக்குக் கீழே விற்கும் பிளாண்டுக்கு மலிவான முதல் செட்டே சரி. அதற்கு மேல் விற்றால் இரண்டாவது. நாம் கணித்த 2,000 டன் இந்த எல்லையிலிருந்து நல்ல தூரத்தில் இருப்பதால் முடிவு உறுதியாக நிற்கிறது. ஆனால் வள்ளங்களுக்கும் கரைமடிக்கும் மட்டும் ஐஸ் கொடுக்கும் சிறு பிளாண்ட் நாளொன்றுக்குச் சராசரி மூன்று டன் விற்றால் வருடத்துக்கு 750 டன்தான் ஆகும். அங்கே 20 லட்சம் கொடுப்பது வீண். வாழ்நாள் கணக்குப் போட்டால் விலை உயர்ந்ததுதான் எப்போதும் வெல்லும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல.

இரண்டாவது ஆபத்து, முன்பு சொல்லி விட்டுவைத்த கண்டன்சர். கடற்கரை ஓரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, சில இடங்களில் உவர்ப்பு. அந்தத் தண்ணீரைக் கண்டன்சரில் விட்டால் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு ஏறும். படிவு ஏறினால் வெப்பம் வெளியேறாது, பெரிய கண்டன்சரும் சின்னக் கண்டன்சர் போலவே நடந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியழுத்த கேஜ் போதும். அமோனியா 35 டிகிரியில் திரவமானால் அந்த முள் 180 பி.எஸ்.ஐ. அருகில் நிற்கும். 40 டிகிரி ஆகிவிட்டால் 210ஐத் தொடும். அந்த ஐந்து டிகிரிக்கு மின்சாரம் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூடிவிடும். அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் இதை வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். “அண்ணாச்சி, முள்ளு இருநூறத் தாண்டிட்டு, கண்டன்சரக் கழுவாம விட்டா கரண்டு பில்லு கழுத்தப் பிடிச்சிரும்” என்று ஒருவர் முதலாளியிடம் சொன்னதை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் வாழ்நாள் செலவின் முக்கால் பங்கு அடங்கியிருந்தது.

எண்ணாகப் பார்த்தால், படிவினால் இரண்டாம் செட் டன்னுக்கு 62க்குப் பதில் 67 யூனிட் எடுத்தாலும் இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல் லாபம் நிற்கிறது. 70க்குப் போய்விட்டால் முதல் செட்டைவிட 80 ஆயிரம் ரூபாய் நஷ்டமாகிவிடும். முதல் செட்டின் கண்டன்சரிலும் அதே தண்ணீர்தான் ஓடும், அதுவும் 75லேயே நிற்காது என்பது உண்மைதான். ஆனாலும் கூடுதலாக ஆறு லட்சம் கொடுத்து வாங்கியது அந்தக் கண்டன்சரின் பரப்பைத்தான் என்பதால், அதைக் கழுவாமல் விடுபவருக்கு அதிக இழப்பு இரண்டாம் செட்டில்தான். தண்ணீரை மென்மையாக்கும் கருவி வேண்டுமென்றால் அதன் விலையையும் உப்புச் செலவையும் இந்தக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

வட்டி விகிதத்தில் நடக்கும் இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். பத்து சதவீதத்தால் தள்ளிக் கணக்கிட்ட பிறகு, கடன் வட்டியைத் தனி இனமாக எழுதி மறுபடியும் கூட்டுபவர்கள் உண்டு. அந்தப் பத்து சதவீதமே பணத்தின் வட்டிதான்; இரண்டாவது முறை எழுதினால் விலை உயர்ந்த செட்டுக்கு அநியாயமாக இரட்டைத் தண்டனை. இன்னொன்று விலைவாசி. நம் அட்டவணையில் யூனிட் பத்து வருடமும் 8 ரூபாயிலேயே நிற்கிறது, ஆனால் பத்து சதவீத வங்கி வட்டிக்குள் விலைவாசி ஏற்றமும் அடங்கியிருக்கிறது. ஒன்று, மின்கட்டணமும் கூலியும் வருடாவருடம் ஏறுவதாக எழுதிப் பத்து சதவீதத்தால் தள்ள வேண்டும்; அல்லது விலைகளை இன்றைய நிலையிலேயே வைத்து, விலைவாசி நீக்கிய வட்டியால் தள்ள வேண்டும். விலைவாசி ஐந்து சதவீதம் ஏறும் என்று கொண்டால் அந்த வட்டி ஏறத்தாழ 4.8 சதவீதம். அப்படிப் போட்டால் இரண்டாம் செட்டின் மிச்சம் 7 லட்சத்திலிருந்து 10 லட்சத்து 80 ஆயிரமாகக் கூடுகிறது. நான் மேலே போட்டது வேண்டுமென்றே சற்று கஞ்சத்தனமான கணக்கு. அதிலேயே வெல்லும் இயந்திரம் சரியான கணக்கில் இன்னும் எளிதாக வெல்லும். மின்கட்டணம் ஏறும் என்று பயமுறுத்தி விற்பவரின் கணக்கில் மட்டும் இந்த இரண்டு முறையும் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு சதவீதம் ஏறும் கட்டணத்தை எழுதிவிட்டு, விலைவாசி நீக்கிய வட்டியால் தள்ளியிருந்தால் மிச்சம் ஊதிப் பெருத்திருக்கும்.

முடிவு இரண்டாம் செட் என்றானால், மிச்சம் காகிதத்திலிருந்து கைக்கு வர ஒரு வேலை இருக்கிறது. கொள்முதல் ஆணையில் “டன்னுக்கு 62 யூனிட்” என்று மட்டும் எழுதினால் போதாது. பம்பு, விசிறி, கலக்கி எல்லாம் உட்பட, உள்ளே வரும் தண்ணீர் 30 டிகிரி, கண்டன்சர் வெப்பநிலை 35 டிகிரி என்ற நிலையில் 62 யூனிட், இரண்டு யூனிட் வரை விலகலாம் என்று எழுத வேண்டும். விலையில் ஒரு பகுதியைச் சோதனை முடியும்வரை நிறுத்தி வைப்பதாகவும் சேர்க்க வேண்டும். சோதனை எளிதானது. பிளாண்டுக்குத் தனி மீட்டர் இருந்தால், தொட்டி ஒருமுறை முழுதாகக் குளிர்ந்த பிறகு தொடர்ந்து ஏழு நாள், காலை ஆறு மணிக்கு மீட்டர் எண்ணையும் அன்று எடுத்த கட்டிகளின் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் குறித்தால் போதும். சில கட்டிகளைத் தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லது, ஏனென்றால் 50 கிலோ கேனிலிருந்து 46 கிலோ கட்டி வருவதும் உண்டு. அதை 50 என்று எண்ணிக்கொண்டால் 67 யூனிட் எடுக்கும் இயந்திரம் 62 எடுப்பதாகத் தோன்றும். இந்தச் சோதனையை ஜூன், ஜூலையில் செய்யாதீர்கள். தடைக்காலத்தில் பிளாண்டைப் பாதிச் சுமையில் ஓட்டினால், தொட்டிக்குள் புகும் வெப்பத்தைச் சுமக்க மட்டுமே ஒரு பங்கு மின்சாரம் போய்விடும். டன்னுக்கு யூனிட் கூடித் தெரியும், விற்றவர் அதையே சாக்காகச் சொல்லுவார். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், படகுகள் வரிசையில் நிற்கும்போது, முழுச் சுமையில் எடுத்த ஏழு நாள் கணக்கை அவரால் மறுக்க முடியாது.